ஆர்.எஸ்.ஐ. 3-க்கு வந்தும் பங்கு ஏன் எழவில்லை?

*"வணக்கங்க ஐயா. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறேன். யூடியூப் பார்த்து ஒரு முறை கற்றுக்கொண்டேன். இரண்டு நாள் ஆர்.எஸ்.ஐ. 10-க்குக் கீழே போனால் வாங்கணும், விலை ஐந்து நாள் சராசரிக்கு மேலே வந்தால் விற்கணும். பத்துப் பதினைந்து தடவை செய்தேன், எல்லாமே லாபம், மொத்தம் 14,000 கிட்ட. அப்புறம் ஒரு பங்கை 420-க்கு 100 வாங்கினேன். விழுந்தது. ஆர்.எஸ்.ஐ. 3 வரைக்கும் போனதால் இனி எழுந்துதான் ஆகணும் என்று 385-ல் 100, பிறகு 340-ல் 200 வாங்கினேன். இப்போது 300-ல் நிற்கிறது. போட்ட இரண்டு லட்சத்தில் பாதி மச்சானுடையது, என் கணக்கில்தான் இருக்கிறது. எங்கே தப்பு? 14 நாள் ஆர்.எஸ்.ஐ. பார்த்திருந்தால் தப்பித்திருப்பேனா? ஸ்டாப் லாஸ் எங்கே போடணும்? டெலிகிராமில் ஒருவர் 25,000 கட்டினால் நூற்றுக்குத் தொண்ணூறு ஜெயிக்கிற சிக்னல் தருவதாகச் சொல்கிறார், சேரலாமா?"*

வணக்கம். கடிதத்தோடு வாங்கி விற்ற பட்டியலையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் நானும் பொதுவாக எதையாவது சொல்லி முடித்திருப்பேன்.

லாபம் வந்த பங்குகளை ஒவ்வொன்றாகச் சார்ட்டில் போட்டுப் பார்த்தேன். இரண்டைத் தவிர மற்ற எல்லாமே, நீங்கள் வாங்கிய அன்று, தங்களுடைய 200 நாள் சராசரி விலைக்கு மேலே இருந்தவை. கடைசியாக மாட்டிக்கொண்ட பங்கை 420-க்கு வாங்கிய அன்று அதன் 200 நாள் சராசரி 480 பக்கம். அதாவது பல மாதமாக இறங்கிக்கொண்டிருந்த பங்கு. நீங்கள் கற்றுக்கொண்ட முறையின் முதல் வரியே "விலை 200 நாள் சராசரிக்கு மேலே இருந்தால் மட்டும்" என்பதுதான். வீடியோவில் அதைச் சொல்லாமல் விட்டார்களோ, சொன்னதை நீங்கள் தாண்டிப் போனீர்களோ தெரியாது. சந்தை நன்றாக இருந்த மாதங்களில் கண்ணில் படுகிற பங்கெல்லாம் அந்த நிபந்தனையைத் தானாகவே நிறைவேற்றியிருந்தது, அதனால் அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

சமீபத்திய நாட்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிட்டு 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகக் காட்டும் ஆர்.எஸ்.ஐ.யை 1978-ல் வெளியிட்டவர் வெல்ஸ் வைல்டர், அவர் வைத்தது 14 நாள். அதை 2 நாளாகச் சுருக்கி, 200 நாள் சராசரியோடு கட்டி, அமெரிக்கப் பங்குகளில் சோதித்துப் பரப்பியவர் லாரி கானர்ஸ். முழு முறையும் இவ்வளவுதான்:

```
Buy  : Close > SMA(Close, 200) and RSI(2) < 10
Exit : Close > SMA(Close, 5)
```

சிலர் 10-க்குப் பதில் 5 வைப்பார்கள். வாய்ப்பு குறையும், வாங்கும் இடம் இன்னும் ஆழமாக இருக்கும். அது ருசியைப் பொறுத்தது. முதல் நிபந்தனையில் மட்டும் கை வைக்கக் கூடாது.

காரணம் எளிது. ஏறிக்கொண்டிருக்கும் பங்கு மூன்று நாள் சரிந்தால் விற்பவர் பெரும்பாலும் லாபத்தை எடுத்துக்கொண்டு போகிறவர், கீழே வாங்கக் காத்திருப்பவர்களும் இருப்பார்கள். இறங்கிக்கொண்டிருக்கும் பங்கில் நிலைமை தலைகீழ். 500-லும் 450-லும் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள், கொஞ்சம் எழுந்தாலும் "விட்டால் போதும்" என்று விற்பார்கள். ஆர்.எஸ்.ஐ. இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

3 என்ற எண் என்ன சொல்கிறது

உங்களைக் கவிழ்த்தது இந்த எண்தான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். இரண்டு நாள் ஆர்.எஸ்.ஐ.யில் சராசரி ஏற்றம், சராசரி இறக்கம் என்று இரண்டு கணக்கு ஓடும். ஒவ்வொரு நாளும் நேற்றைய சராசரியோடு இன்றைய மாற்றத்தைக் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். ஏற்றத்தின் சராசரியை இரண்டு சராசரிகளின் கூட்டுத்தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஆர்.எஸ்.ஐ.

ஒரு பங்கு 640-ல் இருக்கிறது, 200 நாள் சராசரி 560 என்று வையுங்கள். ஏற்றச் சராசரி 4, இறக்கச் சராசரி 2, ஆகவே ஆர்.எஸ்.ஐ. சுமார் 67. மறுநாள் 6 ரூபாய் இறங்கி 634. இன்றைக்கு ஏற்றம் ஒன்றுமில்லை, எனவே ஏற்றச் சராசரி 2 ஆகப் பாதியாகிறது, இறக்கச் சராசரி 4. ஆர்.எஸ்.ஐ. 33. அடுத்த நாள் 629, ஆர்.எஸ்.ஐ. 18. மூன்றாம் நாள் 620, ஆர்.எஸ்.ஐ. 7-க்குள் வந்துவிட்டது. விலை விழுந்தது 3 சதவீதம்தான், அதற்கே இந்த எண் 67-லிருந்து தரைக்கு வந்துவிடுகிறது.

நான்காம் நாளும் விழுந்தால்? 5 ரூபாய் விழுந்தால் ஆர்.எஸ்.ஐ. 4, ஐம்பது ரூபாய் விழுந்தால் 1-க்குச் சற்றுக் கீழே. திரையில் பார்க்கும்போது இரண்டுமே "ரொம்பக் கீழே போய்விட்டது" என்றுதான் தெரியும், ஆனால் ஒன்று சும்மா ஒரு சோர்வான நாள், மற்றது பங்குக்கு ஏதோ ஆகிவிட்ட நாள். எண் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. விலைக்கோ அங்கிருந்து விழ இன்னும் நிறைய இடம் இருக்கும். நாலைந்து நாள் தொடர்ந்து இறங்கிய பங்கில் 3 என்பது "இன்னும் ஒரு நாள்கூட ஏறவில்லை" என்பதற்கு மேல் அதிகமாக எதையும் சொல்லாது. அதை "எழுந்துதான் ஆகணும்" என்று படித்தீர்கள், அங்கேதான் 385-ம் 340-ம் வந்தன.

நல்ல பங்கில் கதை எப்படிப் போகும் என்பதையும் பார்த்துவிடலாம். 620-ல் வாங்கினீர்கள். மறுநாள் 628, ஐந்து நாள் சராசரி 630.20, இன்னும் தாண்டவில்லை. அதற்கடுத்த நாள் 635, சராசரி 629.20, தாண்டிவிட்டது, விற்றாயிற்று. பங்குக்கு 15 ரூபாய், சுமார் 2.4 சதவீதம். 25,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் 600 ரூபாய். வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்.டி.டி. எனும் பங்குப் பரிவர்த்தனை வரி, டிமேட் கட்டணம், இதர செலவு எல்லாம் சேர்த்து நூறு ரூபாய் கிட்ட போகும், மீதியில் வருமான வரி 20 சதவீதம். சின்னச் சின்ன லாபம் அடிக்கடி வரும், எப்போதாவது ஒரு பெரிய நஷ்டம் வரும், இந்த முறையின் சுபாவமே அது. அதனால்தான் பத்துப் பதினைந்து வெற்றி வரிசையாக வந்தது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இல்லை.

விற்கும் விதியை எங்கே விட்டீர்கள்

இதை நீங்கள் கடிதத்தில் கேட்கவில்லை, பட்டியலில் தெரிந்தது. முதலில் 420-க்கு வாங்கிய பிறகு முடிவு விலைகள் 400, 385, 372, 388, 391. கடைசி நாளில் ஐந்து நாள் சராசரி 387.20. பங்கு 391. விதிப்படி அன்றைக்கு விற்றிருக்க வேண்டும். முதல் 100 பங்கில் 2,900 நஷ்டம், 385-ல் வாங்கிய 100-ல் 600 லாபம், ஆக 2,300 போயிருக்கும். நீங்கள் விற்கவில்லை, ஏனென்றால் வாங்கிய விலைக்குக் கீழே இருந்தது.

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஐந்து நாள் சராசரி விலையோடு சேர்ந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். அதைத் தாண்டும்போது நீங்கள் லாபத்தில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, நீங்கள் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பதே அந்த விதிக்குத் தெரியாது. "லாபம் வந்தால் மட்டும் விற்பேன்" என்று மனதுக்குள் ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டால் நஷ்டமே வராத முறை மாதிரித் தோன்றும், ஒரு நாள் வரும்போது மொத்தமாக வரும். இப்போது 400 பங்குக்கு நீங்கள் போட்டது 1,48,500. மதிப்பு 1,20,000. நஷ்டம் 28,500, அதாவது பத்துப் பதினைந்து வெற்றியில் சேர்த்ததைப் போல இரண்டு மடங்கு. அன்றைக்கு 2,300-ல் முடிந்திருக்க வேண்டியது. அதுவும் வாங்கவே கூடாத பங்கை வாங்கிய பிறகும்.

விலை விழ விழ வாங்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. கானர்ஸ் முறைகளிலேயே, ஒதுக்கிய தொகையை நாலாகப் பிரித்து விழும்போது வாங்கும் வகை ஒன்று உண்டு. ஆனால் அங்கே மொத்தத் தொகை முதலிலேயே முடிவாகிவிடும், பங்கும் 200 நாள் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும். நீங்கள் செய்தது கையில் இருந்ததை எடுத்து எடுத்துப் போட்டது, இரண்டு லட்சத்தில் முக்கால் பங்கு ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

14 நாள், ஸ்டாப் லாஸ்

14 நாளாக இருந்தால் தப்பித்திருப்பேனா என்கிறீர்கள். இந்தப் பங்கில் நிச்சயம் இல்லை. இறங்கும் பங்கில் 14 நாள் ஆர்.எஸ்.ஐ. 30-க்குக் கீழே சர்வ சாதாரணமாகப் போகும், நீங்கள் அங்கேயும் வாங்கியிருப்பீர்கள். நன்றாக ஏறும் பங்கிலோ அது 40, 50 பக்கமே திரும்பிவிடும், 30-ஐத் தொடவே தொடாது. ஆக 14-ஐயும் 30-ஐயும் வைத்துக் காத்திருந்தால் நல்ல சரிவுகள் பெரும்பாலும் கண்ணிலேயே படாது, போக்கே உடைந்துகொண்டிருக்கும் பங்குகள்தான் அதிகம் சிக்கும். குறுகிய சரிவைப் பிடிக்க வேண்டும் என்றால் 2 சரிதான்.

ஸ்டாப் லாஸ் விஷயத்தில் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். வாங்கிய விலைக்குச் சற்றுக் கீழே வந்ததும் தானாக விற்கச் சொல்லி வைக்கும் நெருக்கமான ஸ்டாப் லாஸ் இந்த முறைக்கு ஒத்துவராது. கானர்ஸ் சோதனையிலும் ஸ்டாப் லாஸ் சேர்க்கச் சேர்க்கப் பலன் குறைந்ததே தவிர கூடவில்லை. நீங்கள் வாங்குவதே விழும் நாளில். அடுத்த நாள் இன்னும் 2 சதவீதம் விழுந்தால் முறைப்படி அது முன்னைவிட நல்ல இடம், ஆனால் ஸ்டாப் லாஸ் அங்கேதான் உங்களை வெளியே தள்ளும், மறுநாள் பங்கு எழும். தவிர, கெட்ட செய்தி வந்து காலையில் 15 சதவீதம் கீழே திறந்தால் ஸ்டாப் லாஸ் போட்ட விலையில் விற்காது, திறந்த விலையில்தான் விற்கும்.

அப்படியானால் பாதுகாப்பு எதில்? எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதில். இரண்டு லட்சத்துக்கு ஒரு பங்கில் 20,000 முதல் 25,000 வரை, அதற்கு மேல் வேண்டாம். அந்தப் பங்கு ஒரே இரவில் 20 சதவீதம் போனாலும் 5,000 ரூபாயோடு முடியும். ஒரே நேரத்தில் நாலைந்து பங்குக்கு மேலும் வேண்டாம், ஏனென்றால் சந்தை மொத்தமாகச் சரியும் நாளில் இருபது பங்கு ஒன்றாகச் சிக்னல் காட்டும். இருபதும் தனித்தனி வாய்ப்பு மாதிரித் தெரியும், உண்மையில் எல்லாம் "நாளைக்கு நிஃப்டி எழும்" என்ற ஒரே பந்தயம்தான். இதோடு நாள் கணக்கில் ஒரு வரம்பும் வையுங்கள். பத்து வர்த்தக நாளில் ஐந்து நாள் சராசரியைத் தாண்டவில்லை என்றால், அல்லது முடிவு விலை 200 நாள் சராசரிக்குத் தெளிவாகக் கீழே போய்விட்டால், என்ன விலையோ அந்த விலைக்கு வெளியேறிவிடுங்கள்.

மேலே இருந்தாலும் விழும்

200 நாள் சராசரியைக் கவசம் என்று நினைத்துவிடக் கூடாது. 2020 பிப்ரவரி கடைசியை எடுத்துக்கொள்ளுங்கள். 25-ஆம் தேதி நிஃப்டி 11,797-ல் முடிந்தது. அப்போதும் 200 நாள் சராசரிக்குச் சற்று மேலேதான், இரண்டு நாள் ஆர்.எஸ்.ஐ. 10 பக்கம். முறைப்படி வாங்க வேண்டிய இடம். கொரோனா பயத்தில் 28-ஆம் தேதி 11,201-க்கு வந்துவிட்டது. மார்ச் 5 அன்று 11,269-ல் முடிந்தபோது ஐந்து நாள் சராசரியைக் கொஞ்சம் தாண்டியது. அன்றைக்கு விற்றவருக்கு 4.5 சதவீதம் நஷ்டம். வலிக்கத்தான் செய்யும். ஆனால் மார்ச் 23-ல் நிஃப்டி 7,610. இடைப்பட்ட நாட்களில் ஆர்.எஸ்.ஐ. எத்தனையோ தடவை தரையைத் தொட்டது, விலை 200 நாள் சராசரிக்குக் கீழே இருந்ததால் முறை ஒரு தடவைகூட வாங்கச் சொல்லவில்லை. வாங்கும் நாளில் அந்த வடிகட்டி காப்பாற்றவில்லை, அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரத்தில்தான் காப்பாற்றியது.

இதனால்தான் "மேலே இருக்கிறதா" என்று மட்டும் பார்க்காமல், 200 நாள் சராசரிக் கோடே ஒரு மாதத்துக்கு முன்பு இருந்ததைவிட உயர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வேன். கோடு தட்டையாகவோ சரிந்தோ இருந்தால், விலை அதற்கு மேலே நாலு ரூபாய் நிற்பதை ஏற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. போனஸ், பங்குப் பிரிப்பு நடந்த பங்கிலும் கவனம். சில ஆப்களில் பழைய விலையைத் திருத்தியிருக்க மாட்டார்கள், 800 ரூபாய்ப் பங்கு மறுநாள் 400 என்று காட்டும், ஆர்.எஸ்.ஐ. 1 என்று வரும், உண்மையில் ஒரு பைசாவும் விழுந்திருக்காது.

சாயங்காலம் பால் சொசைட்டி நேரத்துக்கு முன்னால் கடையில் கூட்டம் இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். 3.20-க்குச் சார்ட்டைப் பார்த்து அவசரத்தில் ஆர்டர் போட வேண்டாம். இரவு பார்த்து மறுநாள் காலை வாங்கினாலும் சரி. சில சமயம் விலை மேலே திறந்து வாய்ப்பு கொஞ்சம் கரையும், போகட்டும்.

டெலிகிராம்காரரும் மச்சானும்

நூற்றுக்குத் தொண்ணூறு ஜெயிக்கும் என்பது பொய்யாகவே இருக்க வேண்டும் என்றில்லை. உங்களுடையதே அவர் சொல்வதைவிட நல்ல கணக்கு, பதினைந்தில் ஒன்றுதான் தோற்றது, ஆனாலும் கையில் நஷ்டம். எத்தனை தடவை ஜெயித்தது என்று சொல்பவரிடம் தோற்றபோது எவ்வளவு போனது என்று கேட்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பங்கு சிபாரிசு செய்ய செபியில் பதிவு வேண்டும். ஆலோசகர் என்றால் பதிவெண் INA என்று தொடங்கும், ஆய்வாளர் என்றால் INH. எண்ணைக் கேளுங்கள், செபி தளத்தில் அதே பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவரானாலும் லாபத்துக்கு உத்தரவாதம் தர அனுமதி கிடையாது. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

மச்சான் பணம் உங்கள் கணக்கில் இருக்கும்வரை லாபமும் வரியும் கணக்குப்படி உங்களுடையதுதான், நஷ்டத்துக்கு மட்டும் அவரிடம் வாய்ப்பேச்சு. வீட்டு உறவு இதில் கெட வேண்டாம். இன்றைய நிலவரத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டி, அவர் பங்கு நஷ்டத்தை யார் ஏற்பது என்று இப்போதே பேசி முடித்து, மீதியை வங்கி வழியாகத் திருப்பிக் கொடுங்கள். அவருக்கு ஆர்வம் இருந்தால் அவர் பெயரிலேயே டிமேட் திறக்கட்டும், ஆர்டரையும் அவரே போடட்டும்.

இப்போது அந்த 400 பங்கு. 300 ரூபாயில், 200 நாள் சராசரிக்கு வெகு கீழே, இந்த முறையில் இதை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. கம்பெனி நல்ல கம்பெனி, பல வருஷம் வைக்கலாம் என்று நினைத்தால் அது வேறு கணக்கு. அதை மாட்டிக்கொண்ட பிறகு யோசிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 371.25 என்ற உங்கள் சராசரி விலை வரும்வரை காத்திருப்பதும் வேண்டாம். முதலில் 200-ஐ உடனே விற்றுவிடுங்கள், மீதி 200-ஐ அடுத்த தடவை ஐந்து நாள் சராசரிக்கு மேலே முடியும் அன்று, நஷ்டமானாலும் விற்றுவிடுங்கள். வாங்கி ஒரு வருடம் ஆகாததால் இது குறுகிய கால மூலதன நஷ்டம். இதே நிதியாண்டில் விற்றால் அந்த 14,000 லாபத்தோடு கழித்துக்கொள்ளலாம், அதற்கான வரி மிச்சம். கழித்தது போக நிற்கும் நஷ்டத்தை எட்டு வருடம் வரை முன்னெடுத்துச் செல்லலாம், ஆனால் வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் மட்டும். விற்றதும் கான்ட்ராக்ட் நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் போய்விடுங்கள்.